மொத்தம் மாறவில்லை, கைக்கு வருவது குறைந்தது: சம்பள மாற்றக் கடிதத்தைப் படிக்கும் முறை

கிளிநொச்சியில் தனியார் நிறுவனங்களுக்குச் சம்பளம் போட்டுக் கொடுக்கும் வேலையில் இருந்தவன் நான். சம்பள அமைப்பு மாறுகிறது என்று அறிவிக்கும் கடிதங்களை நானே தட்டச்சு செய்திருக்கிறேன். அதனால் அவற்றில் எந்த வரி பெரிய எழுத்தில் வரும், எது இரண்டாம் பக்கத்துக்குப் போகும் என்பது ஓரளவு தெரியும். இந்த வருடம் தைப்பொங்கல் முடிந்த கையோடு மனைவியின் தங்கச்சி அப்படியொரு கடிதத்தோடு வீட்டுக்கு வந்தார். உரமும் விவசாய உபகரணமும் விற்கும் ஒரு நிறுவனத்தின் கிளையில் அவர் எட்டு வருடமாக எழுதுவினைஞர். தலைமை அலுவலகம் கொழும்பில் இருப்பதால் கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது.

"அத்தான், மொத்தச் சம்பளம் மாறேல்ல எண்டுதான் போட்டிருக்கு. ஆனா கைக்கு வாறது குறையும் எண்டு கிளை மனேஜர் சொல்றார். இதில சைன் வைக்கலாமா?"

அன்று இரவு இருவரும் அமர்ந்து போட்ட கணக்கைத்தான் இங்கே படிப்படியாகத் தருகிறேன். இது தனியார் துறைக்கானது. அரச ஊழியரின் சம்பளத் திருத்தம் சுற்றறிக்கை வழியே வருவது, அதன் கணக்கு வேறு.

முதல் படி: கடிதத்தை வைத்துவிட்டுச் சம்பளச் சீட்டை எடுங்கள்

மாற்றத்தைக் கடிதத்தை மட்டும் பார்த்து விளங்கிக்கொள்ள முடியாது. புதிய அமைப்பைத்தான் அது விவரிக்கும். பழைய அமைப்பு உங்கள் சம்பளச் சீட்டில் இருக்கிறது. கடைசி மூன்று மாதச் சீட்டுகளை எடுத்து, நிலையாக வந்த தொகைகளையும் மாதத்துக்கு மாதம் மாறியவற்றையும் தனித்தனியே எழுதுங்கள். ஒரு மாதச் சீட்டு போதாது. அந்த மாதம் நீங்கள் லீவு எடுத்திருந்தாலோ, ஓவர்டைம் அதிகம் செய்திருந்தாலோ ஒப்பீடு பிழைத்துப்போகும்.

கடிதம் உங்களுக்குப் புரியாத மொழியில் இருந்தால் தமிழ்ப் பிரதி கேளுங்கள். கேட்டால் பல நிறுவனங்கள் கொடுக்கும். கொடுக்காவிட்டால், எண்கள் உள்ள பகுதியையாவது மொழி தெரிந்த ஒருவரைக்கொண்டு வரிவரியாக வாசிக்கச் செய்யுங்கள். "எல்லாருக்கும் இப்பிடித்தான் வந்திருக்கு" என்று மற்றவர் சொல்வது வாசித்த கணக்கில் சேராது.

மச்சாளின் சீட்டும் கடிதமும் சொன்னது இது:

| | டிசம்பர் 2025 வரை | ஜனவரி 2026 முதல் |
|---|---|---|
| அடிப்படைச் சம்பளம் | 27,000 | 36,000 |
| வாழ்க்கைச் செலவுக் கொடுப்பனவு | 3,000 | இல்லை |
| வருகைக் கொடுப்பனவு | 6,000 | இல்லை |
| பயணக் கொடுப்பனவு | 5,000 | 5,000 |
| மொத்தம் | 41,000 | 41,000 |

இரண்டு கொடுப்பனவுகளை அடிப்படைச் சம்பளத்துக்குள் போட்டுவிட்டார்கள். மொத்தம் மாறவில்லை என்ற வரி எழுத்துக்கு எழுத்து உண்மை.

ஜனவரியில் இப்படியான கடிதங்கள் வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. தேசிய ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவானது. 2026 ஜனவரி 1 முதல் அது 30,000 ரூபா. 27,000 அடிப்படையில் ஆட்களை வைத்திருந்த நிறுவனங்கள் எப்படியும் ஏதாவது செய்தாக வேண்டும். சில புதிதாகக் காசு கூட்டின. சில ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருந்த கொடுப்பனவை எடுத்து அடிப்படையில் சேர்த்தன. மச்சாளின் நிறுவனம் இரண்டாவது வகை. கடிதத்தில் அதற்கு "சம்பளக் கட்டமைப்பை எளிமையாக்கல்" என்று பெயர்.

இரண்டாம் படி: சேமலாப நிதிக் கழிவைத் திரும்பப் போடுங்கள்

ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் உழைப்பூதியத்தில் 8 சதவீதம் கழிக்கப்படும். அதற்கு மேல் முதலாளி தன் பணத்திலிருந்து 12 சதவீதம் கட்ட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கான 3 சதவீதம் முழுவதும் முதலாளியுடையது, உங்களிடமிருந்து ஒரு சதமும் கழிக்கக் கூடாது.

எந்தத் தொகையின் மேல் 8 சதவீதம் என்பதுதான் இங்கே கேள்வி. அடிப்படைச் சம்பளம், வாழ்க்கைச் செலவுக் கொடுப்பனவு, அதைப் போன்ற பிற கொடுப்பனவுகள், விடுமுறை நாளுக்கான சம்பளம், சாப்பாட்டுக் கொடுப்பனவு ஆகியவை கணக்கில் வரும். ஓவர்டைம் வராது. ஒழுங்காக வந்ததற்காக ஊக்கமாகக் கொடுக்கும் வருகைப் பணத்தையும், பயணச் செலவாகக் கொடுப்பதையும் நிறுவனங்கள் வழக்கமாக வெளியேதான் வைக்கும்.

ஆக, புதிய கழிவு 36,000 இன் 8 சதவீதம், அதாவது 2,880 ரூபா. பழைய சீட்டில் கழிவு 2,160. வித்தியாசம் 720. கைக்கு வருவது 38,840 இலிருந்து 38,120 ஆகிறது. மனேஜர் சொன்ன குறைவு இதுதான்.

இத்தோடு நிறுத்தியிருந்தால் முக்கியமான ஒன்றை விட்டிருப்போம். 2,160 என்பது எதன் 8 சதவீதம்? 27,000 உடையது. அப்படியானால் 3,000 ரூபா வாழ்க்கைச் செலவுக் கொடுப்பனவுக்கு இவ்வளவு நாளும் சேமலாப நிதி கட்டப்படவே இல்லை. சட்டப்படி அது கணக்கில் வர வேண்டிய தொகை. ஒழுங்காகக் கழித்திருந்தால் பழைய கழிவே 2,400 ஆக இருந்திருக்கும், இந்தக் கடிதத்தால் வரும் குறைவு 480 ரூபாதான். மீதி 240 ரூபா, முன்பு கழிக்கப்படாமல் விட்டது இப்போது தலை காட்டுகிறது.

கழிக்காமல் விட்டதால் மாதம் 240 ரூபா லாபம்தானே என்று மச்சாள் சிரித்தார். லாபம் இல்லை. அந்த 3,000 ரூபாவுக்கு முதலாளி போட்டிருக்க வேண்டிய 12 சதவீதமான 360 ரூபாவும், நம்பிக்கை நிதிக்கான 90 ரூபாவும் மாதாமாதம் அவர் கணக்குக்கு வரவில்லை. சம்பள மாற்றக் கடிதம் வரும்போது பழைய கணக்கையும் பார்க்கச் சொல்வது இதனால்தான். இரண்டு அமைப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் இந்த மாதிரி ஓட்டை கண்ணில் படும். சோதிப்பது எளிது: சீட்டில் உள்ள சேமலாபக் கழிவை 8 ஆல் வகுத்து 100 ஆல் பெருக்குங்கள். வரும் எண் அடிப்படைச் சம்பளம் மட்டும்தானா, கொடுப்பனவும் சேர்ந்ததா என்று தெரிந்துவிடும்.

மூன்றாம் படி: குறைந்த 720 எங்கே போகிறது

அது உங்கள் பெயரில்தான் போகிறது. அதோடு முதலாளியின் பங்கும் கூடுகிறது. 12 சதவீதம் 3,240 இலிருந்து 4,320 ஆகிறது, 1,080 அதிகம். நம்பிக்கை நிதி 810 இலிருந்து 1,080 ஆகிறது, 270 அதிகம். மச்சாளின் 720 ஐயும் சேர்த்தால் மாதம் 2,070 ரூபா கூடுதலாக அவர் பெயரில் சேர்கிறது.

ஆனால் மாத முடிவில் சீட்டுக் கட்ட வேண்டியவருக்கும் லீசிங் தவணை உள்ளவருக்கும் இந்தப் பணம் இப்போது கைக்கு வராது என்பதையும் சொல்ல வேண்டும். சேமலாப நிதியை ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் எடுக்கலாம். அதற்கு முன் வீட்டுக்கோ மருத்துவத்துக்கோ 30 சதவீதம் வரை எடுக்க வழி உண்டு. அதற்குப் பத்து வருடப் பங்களிப்பும் கணக்கில் குறைந்தது 3 லட்சம் ரூபாவும் வேண்டும். மச்சாளுக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது.

இந்தப் படியில் கவனிக்க வேண்டிய பொறி ஒன்று. இந்த மாற்றத்தால் நிறுவனத்துக்கு ஆளொன்றுக்கு மாதம் 1,350 ரூபா செலவு கூடுகிறது. சில கடிதங்களில் "நிறுவனத்தின் மொத்தச் செலவு மாறாது" என்ற வரி இருக்கும். அதைக் கண்டால் நிமிர்ந்து உட்காருங்கள். செலவு மாறாமல் இருக்க வேண்டுமானால் அந்த 1,350 எங்கேயோ உங்களிடமிருந்துதான் வெட்டப்பட்டிருக்கும். பெரும்பாலும் பயணக் கொடுப்பனவில் கைவைத்திருப்பார்கள். முதலாளியின் 12 சதவீதத்தை ஊழியரின் சம்பளத்திலிருந்து அறவிடச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. மச்சாளின் கடிதத்தில் அப்படி எதுவும் இருக்கவில்லை.

நான்காம் படி: ஓவர்டைம் கணக்கு

கைக்கு வருவது உண்மையிலேயே குறைகிறதா என்பதை முடிவு செய்வது பல பேருக்கு இந்த இடம்தான். கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின் கீழ் வருபவர்களுக்கு மாதச் சம்பளத்தை 240 ஆல் வகுத்து ஒரு மணி நேரச் சம்பளம் எடுத்து, அதை ஒன்றரையால் பெருக்குவார்கள். ஆடைத் தொழிற்சாலை போல் சம்பளச் சபைகளின் கீழ் வரும் தொழில்களில் பெரும்பாலும் 200 ஆல் வகுப்பார்கள். உங்களுடையது எது என்று சீட்டில் உள்ள மணி நேர விகிதத்தை வைத்தே பின்னோக்கிக் கண்டுபிடிக்கலாம்.

மச்சாளுக்கு முன்பு ஒரு மணி நேர ஓவர்டைம் 27,000 ஐ 240 ஆல் வகுத்து ஒன்றரையால் பெருக்கிய 168 ரூபா 75 சதம். இனி அதே கணக்கில் 225 ரூபா. மணிக்கு 56 ரூபா 25 சதம் கூடுகிறது. ஓவர்டைமுக்கு சேமலாபக் கழிவு இல்லாததால் அது முழுதாகக் கைக்கு வரும். 720 ரூபாவை ஈடு செய்ய ஏறத்தாழ 13 மணி நேரம் போதும்.

உரக்கடை வேலைக்கு இது எப்படிப் பொருந்தும் என்று பாருங்கள். காலபோக விதைப்புக் காலத்தில் அவர் மாதம் 20 மணி நேரமாவது கூடுதலாக நிற்பார். அந்த மாதம் ஓவர்டைமில் 1,125 ரூபா கூடும், 720 ஐக் கழித்தாலும் 405 ரூபா மிச்சம். விதைப்பு முடிந்து கடை அடங்கிக் கிடக்கும் மாதங்களில் ஓவர்டைமே இருக்காது, அப்போது முழு 720 உம் குறையும். ஆகவே "கூடுமா, குறையுமா" என்ற கேள்விக்கு வருடம் முழுவதற்கும் ஒரே பதில் கிடையாது. உங்கள் ஓவர்டைம் மணிகளைப் பன்னிரண்டு மாதத்துக்கும் எழுதிப் பார்த்தால் உங்களுக்கான பதில் கிடைக்கும்.

அப்புறம், கடிதத்தின் இரண்டாம் பக்கத்தைத் திருப்புங்கள். "மேலதிக நேரக் கொடுப்பனவு தற்போதைய விகிதத்திலேயே தொடரும்" என்று ஒரு வரி இருந்தால், புதிய அடிப்படையின் மேல் ஓவர்டைம் தர அவர்களுக்கு எண்ணமில்லை என்று பொருள். நான் சொன்ன ஈடு அதோடு போய்விடும். அந்த வரியை எழுத்தில் கேள்விக்குள்ளாக்காமல் கையெழுத்து வைக்க வேண்டாம்.

ஐந்தாம் படி: லீவு எடுத்த மாதம்

இதை யாரும் கணக்குப் போடுவதில்லை. எனக்கென்றால் மச்சாளின் கடிதத்தில் ஊழியருக்கு மிக நல்லது இந்தப் பகுதிதான்.

பழைய அமைப்பில் வருகைக் கொடுப்பனவு 6,000 நிபந்தனையோடு வந்தது. ஒரு நாள் வராவிட்டால் பாதி, இரண்டு நாள் வராவிட்டால் முழுவதும் போய்விடும். சம்பளத்தோடு கூடிய லீவு என்றாலும் அப்படித்தான். போன ஐப்பசியில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒரு நாள் லீவு போட்டதற்கு அவர் 3,000 ரூபா இழந்தார். அவருக்குச் சட்டப்படி உரித்தான லீவுதான் அது. இனி அந்த 6,000 அடிப்படைக்குள் இருப்பதால் அப்படிப்பட்ட லீவுக்கு ஒன்றும் குறையாது.

சம்பளமில்லாத லீவு, அதாவது நோபே, வேறு கணக்கு. அடிப்படை கூடியதால் ஒரு நாள் நோபேயும் கூடும். அவர்களுடைய நிறுவனம் 30 ஆல் வகுக்கிறது, அதனால் முன்பு 900, இனி 1,200. ஆனால் முன்பு அந்த 900 ஓடு வருகைப் பணத்தில் 3,000 உம் போய் மொத்தம் 3,900 ரூபா குறைந்தது. இப்போது 1,200 மட்டும். மாதத்தில் ஒரு நாள் தவறினாலே புதிய அமைப்பு 720 ஐ விடப் பல மடங்கு திருப்பித் தருகிறது. வருடத்தில் ஒரு நாளும் தவறாதவருக்கு இந்தப் பயன் கிடையாது. வன்னியில் மழைக்காலத்தில் வீதி மூடப்படும் நாட்களை நினைத்தால், அப்படி ஒருவரை நான் அதிகம் பார்த்ததில்லை.

வருகைக் கொடுப்பனவு இல்லாமல் போன இடத்தில் புதிதாக வேறு பெயரில் தண்டக் கழிவு ஏதும் நுழைந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

பணிக்கொடையும் வரியும்

பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்கு, வேலையை விடும்போது ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் பணிக்கொடையாக உண்டு. கணக்கு கடைசிச் சம்பளத்தின் மேல் போடப்படுவதால், இன்று அடிப்படை கூடினால் கடந்துபோன எட்டு வருடத்துக்கும் சேர்த்து உயரும். வாழ்க்கைச் செலவுக் கொடுப்பனவையும் சேர்த்துப் பழைய அளவு 30,000 என்று கொண்டால் 1,20,000 ரூபா. புதிய 36,000 இல் 1,44,000.

வருமான வரி இந்தச் சம்பளத்தில் வராது. 2025 ஏப்ரல் முதல் மாதம் 1,50,000 ரூபா வரைக்கும் வரியில்லை. அதற்கு மேல் வாங்குபவருக்கும், காசாகக் கிடைத்த கொடுப்பனவுகள் முன்பே வரிக்கணக்கில் இருந்தவை என்பதால் இடம் மாற்றியதால் மட்டும் வரி கூடாது.

கையெழுத்து

கடிதத்தின் அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். "கடிதத்தைப் பெற்றுக்கொண்டேன்" என்பதும் "இந்த மாற்றங்களுக்குச் சம்மதிக்கிறேன்" என்பதும் ஒன்றல்ல. சந்தேகம் தீராதபோது முதலாவதை மட்டும் எழுதி, திகதி போட்டு, ஒரு பிரதியை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். மச்சாளின் கடிதத்தில் இரண்டும் ஒரே வரியில் இருந்தன. அதனால் கையெழுத்துக்கு முன் கிளை மனேஜர் வழியாக ஆளணிப் பிரிவுக்கு இப்படி ஒரு கேள்விக் கடிதம் கொடுத்தார்:

> 2026 ஜனவரி சம்பள மாற்றக் கடிதம் தொடர்பாகப் பின்வருவனவற்றை எழுத்தில் தெளிவுபடுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன்.
> ஒன்று: ஜனவரி முதல் மேலதிக நேரக் கொடுப்பனவு 36,000 ரூபா அடிப்படையில் கணக்கிடப்படுமா?
> இரண்டு: 2025 டிசம்பர் வரை வாழ்க்கைச் செலவுக் கொடுப்பனவு 3,000 ரூபாவுக்கு ஊழியர் சேமலாப நிதி, ஊழியர் நம்பிக்கை நிதிப் பங்களிப்புகள் செலுத்தப்பட்டனவா? இல்லையெனில் நிலுவை எப்போது செலுத்தப்படும்?
> மூன்று: ஆகக்குறைந்த சம்பளம் 3,000 ரூபாவால் உயர்ந்த நிலையில் எனது மொத்தச் சம்பளம் உயராததற்கான காரணம் என்ன?

குற்றச்சாட்டாக ஒரு சொல்லும் வேண்டாம் என்றேன். கேள்வி குறிப்பாக இருந்தால் பதிலும் குறிப்பாக வந்தே ஆக வேண்டும். முதல் கேள்விக்கு ஒரு வாரத்தில் "ஆம்" என்று பதில் வந்தது, அதை வைத்துக்கொண்டு கையெழுத்திட்டார். இரண்டாவதற்கு "பரிசீலனையில் உள்ளது" என்றார்கள். மூன்றாவதற்குப் பதில் இல்லை. அது வெறும் கணக்கில் தீராத விடயம். பழைய கொடுப்பனவு அப்படியே இருக்க, அடிப்படை மட்டும் 3,000 கூடியிருந்தால் மொத்தம் 44,000 ஆகியிருக்கும் என்பதுதான் ஊழியர்களின் மனக்குறை. அதைத் தொழில் திணைக்களத்தின் அலுவலகத்தில்தான் கேட்க வேண்டும். முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். போகும்போது நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், மாற்றக் கடிதம், உங்கள் கேள்விக் கடிதத்தின் பிரதி ஆகியவற்றைக் கொண்டு போங்கள்.

முதல் சம்பளம் வந்த பிறகு

ஜனவரிச் சீட்டு வந்ததும் மூன்று எண்களைப் பார்த்தோம். அடிப்படை 36,000, சேமலாபக் கழிவு 2,880, ஓவர்டைம் மணிக்கு 225. முதல் இரண்டும் சரி. மூன்றாவது 168.75 என்றே இருந்தது. கணினியில் பழைய விகிதத்தை மாற்ற மறந்துவிட்டார்கள். இது நான் அடிக்கடி கண்ட பிழை, நானும் ஒரு தடவை செய்திருக்கிறேன். சம்பள மென்பொருளில் அடிப்படையை மாற்றுவது ஓரிடத்தில், ஓவர்டைம் விகிதத்தை மாற்றுவது இன்னோரிடத்தில். கையில் "ஆம்" என்ற பதில் எழுத்தில் இருந்ததால் வாக்குவாதம் தேவைப்படவில்லை, அடுத்த மாதச் சம்பளத்தில் வித்தியாசத்தைச் சேர்த்துவிட்டார்கள்.

கழித்த பணம் நிதிக்குப் போய்ச் சேர்ந்ததா என்பது வேறு சோதனை. ஒரு மாதத்துக்கான பங்களிப்பை முதலாளி அடுத்த மாத முடிவுக்குள் கட்ட வேண்டும், தாமதித்தால் மேலதிகக் கட்டணம் அவர் தலையில். ஆகவே ஜனவரிப் பணம் பெப்ரவரி முடிவதற்குள் போயிருக்க வேண்டும். உங்கள் சேமலாப நிதிக் கணக்குக்கூற்றில் அந்த மாதத்துக்கு எதிரே, உங்கள் 8 உம் அவர்களின் 12 உம் சேர்ந்த 20 சதவீதம் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். 36,000 க்கு அது 7,200 ரூபா. மச்சாளின் கணக்கில் 7,200 விழுந்துவிட்டது. 3,000 ரூபாவுக்கான பழைய நிலுவை இன்னும் வரவில்லை. அடுத்த கிழமை இருவருமாகத் தொழில் அலுவலகத்துக்குப் போவதாக இருக்கிறோம், எட்டு வருடச் சீட்டுகளையும் அடுக்கி ஒரு கோப்பில் கட்டி வைத்திருக்கிறார்.